‘சர்வர் டவுன்’ என்று எழுதினால் போதுமா?

கேள்வி: ஐயா, திருப்பூரில் சின்ன நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டு, பணம் ஏற்றும் ஃபைலை வங்கிக்கு அனுப்பும் வேலை செய்கிறோம். ஜூலை 7 அன்று ஒரு பனியன் கம்பெனியின் 412 பேர் சம்பள ஃபைல் போகவில்லை. வங்கியின் சர்வர் டவுன். மாலை 4.30 கெடு தவறி, பணம் மறுநாள் காலைதான் ஏறியது. 5.15க்கு முதலாளி போன் செய்த பிறகுதான் நாங்களே கவனித்தோம். அவர்களும் பட்டியலை அன்று மதியம் 1.40க்குத்தான் இறுதி செய்து கொடுத்தார்கள். ஒப்பந்தப்படி முந்தின நாளே தர வேண்டும். இப்போது எழுத்தில் விளக்கம் கேட்கிறார். “வங்கி சர்வர் பழுது, எங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத காரணம், வருந்துகிறோம்” என்று எழுதி வைத்திருக்கிறேன். பார்ட்னர் இதுவே போதும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. லாகையும் இணைத்திருக்கிறேன். — ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி. ஆனால் கடிதத்துக்குப் போகும் முன் ஒரு காரியம் இருக்கிறது. சர்வர் டவுன் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, பட்டதால் கேட்கிறேன். பல வருடங்களுக்கு முன் நான் இதே மாதிரி வேலையில் இருந்தபோது ஒரு வாடிக்கையாளருக்கு “வங்கி சர்வர் செயலிழந்தது” என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு நேராக வங்கிக் கிளைக்குப் போய்விட்டார். அங்கே, “எங்கள் சர்வர் நாள் முழுக்க ஓடிக்கொண்டுதான் இருந்தது, மற்ற கம்பெனி ஃபைல் எல்லாம் வந்ததே” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் பார்த்தால், அன்று எங்கள் ஆபீஸின் முக்கிய இன்டர்நெட் லைன் அறுந்து, மாற்று லைனுக்குத் தானாக மாறியிருக்கிறது. வங்கி அனுமதித்திருந்தது பழைய லைனின் ஐபி முகவரியை மட்டும். புது முகவரியிலிருந்து போன எதையும் அவர்கள் ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. பிரவுசரில் செய்தி படிக்க முடிந்தது, மெயில் போனது, வங்கி மட்டும் கிடைக்கவில்லை. அதனால் “அவர்கள் சர்வர்தான் டவுன்” என்று முடிவு கட்டிவிட்டோம். கெடு தவறியதை அந்த வாடிக்கையாளர் சீக்கிரமே மறந்துவிட்டார். கடிதத்தை மறக்கவில்லை.

உங்கள் லாகில் இருப்பது இது:

```
11:31:02  login ok
11:31:04  put ok
14:48:10  port 22: Connection refused
14:53:10  port 22: Connection refused
...
19:38:10  login ok
19:38:12  put ok
```

இதில் `Connection refused` என்ற சொல் உங்களுக்குச் சாதகமானது. `Connection timed out` என்று வந்திருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து பதிலே வரவில்லை என்று அர்த்தம். என் கதையில் நடந்தது அதுதான், அதில் தப்பு யார் பக்கமும் இருக்கலாம். `Permission denied` என்றால் சர்வர் நன்றாகவே இருக்கிறது, உங்கள் சாவியையோ பாஸ்வேர்டையோதான் அது ஏற்கவில்லை. `refused` வந்தால், பெரும்பாலும் எதிர்ப்பக்கக் கணினி எழுந்து நிற்கிறது, ஆனால் ஃபைலை வாங்க வேண்டிய சேவை அதில் ஓடவில்லை. நடுவில் ஒரு ஃபயர்வால் இணைப்பை மறுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தாலும் இதே வார்த்தை வரும் என்பதால் இதை மட்டும் வைத்துச் சத்தியம் செய்யக் கூடாது. ஆனால் 11.31க்கு உங்களின் இன்னொரு ஃபைல் போயிருக்கிறது, 7.38க்கு நீங்கள் எதையும் மாற்றாமலே கதவு திறந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் வலுவான சாட்சி. இன்றே வங்கியின் உதவி மையத்துக்கு மெயில் போட்டு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை சேவை இல்லை என்று அவர்கள் வாயாலேயே எழுத்தில் வாங்குங்கள். ‘மூல காரண அறிக்கை’ வர வாரக்கணக்கில் ஆகலாம். நேரத்தை மட்டும் உறுதி செய்யச் சொன்னால் ஒன்றிரண்டு நாளில் தருவார்கள். வராவிட்டாலும் கடிதத்தை நிறுத்தி வைக்க வேண்டாம். அதில் “சர்வர் டவுன்” என்பதற்குப் பதில் “எங்கள் 58 முயற்சிகளையும் வங்கி சர்வர் ஏற்கவில்லை” என்று எழுதுங்கள். அது நீங்கள் கண்ணால் பார்த்தது, யாரும் மறுக்க முடியாது. (2.48 முதல் 7.33 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. எண்ணிப் பார்த்துவிட்டேன்.)

அடுத்து 5.15.

அந்த முதலாளிக்கு நேரடியாகத் தெரிந்த நேரம் அது ஒன்றுதான், அவரே போன் செய்தது. சர்வர், பேட்ச் எல்லாம் நீங்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். 2.48க்கே கோளாறு ஆரம்பித்திருக்கிறது, 4.30க்கு முன் 21 தடவை தோற்றிருக்கிறது, ஆனால் உங்களிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. 3 மணிக்குச் சொல்லியிருந்தால் அவர் என்னவெல்லாம் செய்திருக்கலாம் என்று யோசியுங்கள். தன் நெட்பேங்கிங்கில் தானே ஏற்றியிருக்கலாம். குறைந்தபட்சம் ஷிஃப்ட் முடிந்து கிளம்பும் முன் ஆட்களிடம் “நாளைக் காலை வரும்” என்று சொல்லியிருக்கலாம். சர்வர் நின்றது வங்கியின் கணக்கில் சேரும். நிற்பதை இரண்டரை மணி நேரம் யாரும் பார்க்காமல் இருந்தது உங்கள் கணக்கு. கடிதத்தில் முதல் பாதியை மட்டும் எழுதினால் அவர் கண் நேராக இல்லாத பாதியைத் தேடும். உங்கள் பார்ட்னருக்குப் புரியாமல் போனது இதுதான் என்று நினைக்கிறேன்.

1.40 விஷயத்தில் உங்களுக்குள் ஒரு கோபம் இருப்பது கேள்வியிலேயே தெரிகிறது. நியாயமானதுதான். ஆனால் முந்தின நாள் என்ற விதியை எத்தனை மாதமாக நீங்களே விட்டுக்கொடுத்து வருகிறீர்கள்? அடுத்த மாதம் முதல் கறாராக இருக்கலாம், போன மாதத்துக்கு இப்போது விதியைத் தூக்க முடியாது. பட்டியல் 1.40க்கு வந்தது என்பதை நேர வரிசையில் ஒரு வரியாகப் போடுங்கள், விமர்சனம் வேண்டாம். அவருக்குப் புரியும்.

அப்புறம், படித்தவுடன் அவர் கேட்கப்போகும் ஒரு கேள்வி இருக்கிறது. “நெஃப்ட் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறதே, அது என்ன நாலரை மணி?” சரியான கேள்வி. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் வருடம் முழுக்க, அரை மணிக்கு ஒரு பேட்ச், நாளுக்கு 48 என்று ஓடுகிறது. ஆனால் உங்கள் ஃபைல் நேராக நெஃப்ட்டுக்குப் போவதில்லை. வங்கியின் மொத்த ஃபைல் பிரிவு முதலில் அதை எடுத்து, கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்து, சொந்த வங்கிக் கணக்குகளைத் தனியாகவும் பிற வங்கிக் கணக்குகளை நெஃப்ட்டுக்கும் பிரிக்கிறது. 4.30 என்பது அந்தப் பிரிவின் கெடு. இதை இரண்டு வரியில் நீங்களே சொல்லிவிட்டால், அவர் ஆடிட்டர் சொல்லித் தெரிந்துகொண்டு உங்களைச் சந்தேகிக்க வேண்டியிருக்காது.

அவருடைய இன்னொரு பயம், பணம் இரண்டு தடவை போயிருக்குமோ என்பது. சர்வர் கோளாறு என்று கேட்டாலே கணக்கு எழுதுபவர்களுக்கு இந்தப் பயம் வரும், வரவும் வேண்டும். இந்தத் தொழிலில் தாமதத்தைவிட மோசமானது அதுதான். 412 பேருக்கு இரட்டைச் சம்பளம் போனால் திரும்ப வாங்குவதற்குள் உயிர் போய்விடும். எப்படி நடக்கும் என்றால், தானியங்கி மறுமுயற்சி ஓடிக்கொண்டே இருக்கும். பதற்றத்தில் ஒருவர் அதே பட்டியலை வேறு பெயரில் கையால் ஏற்றுவார். சர்வர் எழுந்ததும் முதல் ஃபைலும் உள்ளே போய்விடும். ஃபைல் பெயர் வேறாக இருந்தால் வங்கியின் சோதனையில் பல சமயம் மாட்டாது. உங்களுக்கு அது நடக்கவில்லை. ஒரே ஃபைல், ஒரே ஏற்புச் சீட்டு. அதைக் கடிதத்தில் சொல்லுங்கள்.

கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம். நீங்கள் அனுப்பிய வங்கி ஸ்டேட்டஸ் ஃபைலிலிருந்து எண்களை எடுத்திருக்கிறேன். ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஜூலை 7 அன்று மாலை ஏற வேண்டிய ஜூன் மாதச் சம்பளம் ஜூலை 8 காலைதான் ஏறியது. உங்கள் 412 பணியாளர்களில் 409 பேருக்கு 8ஆம் தேதி காலை 11.05க்குள் பணம் வந்துவிட்டது. மீதி மூன்று பேரின் பணம் கணக்கு எண் பிழையால் திரும்பி வந்துள்ளது. இதற்கும் தாமதத்துக்கும் தொடர்பில்லை. அவர்களின் பட்டியலைத் தனியாக இணைத்திருக்கிறோம், சரியான எண் தந்தால் அன்றே அனுப்புகிறோம். சம்பள ஃபைல் ஒரே ஒரு முறைதான் வங்கிக்குப் போனது. உங்கள் கணக்கிலிருந்து மொத்தத் தொகை ₹59,36,450 ஜூலை 8 காலை 9.10க்கு ஒரு தடவை மட்டும் பற்று வைக்கப்பட்டது. வங்கியின் ஏற்புச் சீட்டு இணைப்பில் உள்ளது.

நடந்தது இதுதான். ஜூலை 7 மதியம் 1.40க்கு இறுதிப் பட்டியல் கிடைத்தது. சரிபார்த்து 2.48க்கு வங்கி சர்வருக்கு அனுப்பினோம். சர்வர் இணைப்பை ஏற்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எங்கள் மென்பொருள் மறுபடி முயன்றது. மாலை 4.30க்கு அன்றைய கெடு முடிந்தது. இரவு 7.38க்கு சர்வர் ஃபைலை ஏற்றது. வங்கி அதை மறுநாள் முதல் பேட்ச்சில் எடுத்தது. நெஃப்ட் எந்நேரமும் ஓடினாலும், மொத்தச் சம்பள ஃபைலைப் பிரித்து நெஃப்ட்டுக்கு அனுப்பும் வங்கிப் பிரிவு 4.30க்குப் பின் வரும் ஃபைலை மறுநாள்தான் எடுக்கிறது.

சர்வர் இணைப்பை ஏற்காததற்குக் காரணம் வங்கியிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதில் வந்ததும் அப்படியே உங்களுக்கு அனுப்புவோம்.

எங்கள் தவறு இது. 2.48 முதல் முயற்சிகள் தோற்றுக்கொண்டிருந்ததை எங்கள் ஆட்கள் கவனிக்கவில்லை. மாலை 5.15க்கு நீங்கள் போன் செய்தபோதுதான் பார்த்தோம். அதற்கு முன்பே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கெடு முடியுமுன் நெட்பேங்கிங் வழியாக ஏற்ற முயன்றிருக்கவும் வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. இதற்காக உங்களிடமும் உங்கள் பணியாளர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறோம்.

ஜூலை 7 மாலையே சம்பளம் ஏறாததால் ஜூலை 8 காலை யாருக்காவது கடன் தவணை திரும்பி அபராதம் பிடிக்கப்பட்டிருந்தால், வங்கிக் கணக்கு விவரத்துடன் ஜூலை 31க்குள் அனுப்புங்கள். அந்தத் தொகையை நாங்கள் தருகிறோம். இந்த மாதச் சேவைக் கட்டணத்தை உங்கள் பில்லில் சேர்க்கவில்லை.

ஆகஸ்ட் முதல் இரண்டு மாற்றங்கள் செய்கிறோம். இரண்டு முயற்சிகள் தொடர்ந்து தோற்றால் எங்கள் ஆட்கள் இருவரின் போனுக்கு உடனே அழைப்பு வரும், அடுத்த 15 நிமிடத்தில் உங்களுக்குச் சொல்வோம். 3.30 வரை சரியாகாவிட்டால் தானியங்கி முயற்சியை நிறுத்திவிட்டு நெட்பேங்கிங்கில் ஏற்றுவோம். அதற்கு உங்கள் பக்கம் ஒப்புதல் தருபவர் அந்த நேரத்தில் கிடைக்க வேண்டும். இறுதிப் பட்டியல் ஒப்பந்தப்படி 6ஆம் தேதி மாலை 5 மணிக்குள் வந்தால், இப்படி ஒரு கோளாறு வந்தாலும் ஒரு முழு நாள் கையில் இருக்கும். இதையும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
(பெயர், பொறுப்பு, நேரடிக் கைபேசி எண்)

கடிதம் அவ்வளவுதான். ஒன்றிரண்டு இடங்களுக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன்.

தவணை அபராதத்தை 8ஆம் தேதிக்கு மட்டும் ஒப்புக்கொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தவணைப் பிடித்தம் பெரும்பாலும் காலையிலேயே வந்துவிடும். எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தாலும் 7ஆம் தேதிச் சம்பளம் மாலைதான் ஏறியிருக்கும். ஆகவே 7ஆம் தேதி காலைத் தவணை திரும்பியதற்கு இந்தத் தாமதம் காரணம் ஆகாது. 8ஆம் தேதி காலை திரும்பியதற்கு ஆகும். பேசும்போது யாராவது 7ஆம் தேதிச் சீட்டை நீட்டினால் இதைப் பொறுமையாக விளக்குங்கள். தொகை சின்னது என்றால் சண்டை போடாமல் கொடுத்துவிடுவதே நல்லது என்பது என் கட்சி.

“இனி ஒருபோதும் நடக்காது” என்ற வரியை எங்கும் போடவில்லை. வங்கி சர்வர் மறுபடி நிற்கும், எப்போது என்றுதான் தெரியாது. அன்று நெட்பேங்கிங்கும் சேர்ந்தே நின்றால் மாற்று வழியும் அடைபடும். ஒரே வங்கியின் இரண்டு வாசல்கள்தானே. நீங்கள் வாக்குத் தர முடிவது 15 நிமிடத்தில் போன் செய்வதற்கு மட்டும்தான், அதைத் தாருங்கள். நெட்பேங்கிங் அன்று வேலை செய்ததா என்பது உங்கள் லாகில் இல்லை. அதனால்தான் ‘ஏற்ற முயன்றிருக்க வேண்டும்’ என்று எழுதியிருக்கிறேன், ‘ஏற்றியிருக்கலாம்’ என்று எழுதவில்லை.

கட்டணத்தை விடுவது உங்கள் இஷ்டம். ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ‘கட்டுப்பாட்டில் இல்லாத காரணம்’ என்ற பிரிவு இருக்கலாம், உங்கள் பார்ட்னர் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. சர்வர் நின்றதற்கு அது உங்களைக் காப்பாற்றும். கவனிக்காமல் விட்டதற்குக் காப்பாற்றுமா என்பதை வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். ஒரு மாதக் கட்டணத்துக்கு வக்கீல் வரை போக வேண்டுமா என்பது வேறு கேள்வி. தவறை ஒப்புக்கொண்டால் நாளைக்கு அதையே வைத்து வழக்குப் போடுவாரே என்று பார்ட்னர் பயந்தால், தொகை சம்பந்தப்பட்ட பத்தியை மட்டும் வக்கீலிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். 5.15 வரியை மட்டும் எடுக்க விடாதீர்கள்.

அவர் எழுத்தில் கேட்பதற்கு உங்கள் மேல் உள்ள கோபம் மட்டும் காரணமாக இருக்காது. ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தந்தாக வேண்டும். தொழிலாளர் துறையோ, அவருக்கு ஆர்டர் தரும் நிறுவனத்தின் தணிக்கையாளரோ, ஒரு நாள் தாண்டியது ஏன் என்று கேட்டால் அவர் நீட்டப்போவது இந்தக் காகிதத்தை. நேரங்களையும் இணைப்புகளையும் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான். மெயிலில் மட்டும் அனுப்பாமல் கையெழுத்திட்ட பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்கு முன்னால் ஒரு போனும் போட்டுவிடுங்கள், கடிதம்தான் முதல் செய்தியாக இருக்கக் கூடாது.

போகும்போது இன்னொரு சின்னத் தாளும் எடுத்துப்போங்கள். அவர் 412 பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவர், உங்கள் இரண்டு பக்கக் கடிதத்தை அவர்களிடம் படித்துக் காட்ட மாட்டார். கம்பெனி கேட்டில் ஒட்டுகிற மாதிரி பெரிய எழுத்தில் இப்படி இருந்தால் போதும்:

“ஜூன் மாதச் சம்பளம் ஜூலை 7க்குப் பதில் ஜூலை 8 காலை ஏறியது. சம்பள ஃபைல் வங்கிக்குப் போய்ச் சேர்வதில் ஏற்பட்ட தாமதம் காரணம். நிர்வாகம் பணத்தை நிறுத்தி வைக்கவில்லை. ஜூலை 8 காலை கடன் தவணை திரும்பி அபராதம் பிடித்திருந்தால், பாஸ்புக் நகலை ஜூலை 31க்குள் அலுவலகத்தில் கொடுக்கவும். அந்தப் பணம் திருப்பித் தரப்படும்.”

மூன்றாவது வாக்கியத்துக்காகவே அவர் உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தருவார்.